தவணைக்கு 45,000 ரூபாவும் எங்கள் வீட்டுக் கணக்கும்

மகளுக்கு வருகிற ஜனவரியில் தரம் 1. ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது நிறைந்த பிள்ளையை அரச பாடசாலையில் சேர்க்கலாம் என்பது இந்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த விதி. விண்ணப்பம் கோரும் சுற்றறிக்கை வந்தவுடன் ஹட்டன் பக்கத்தில் தாய்மார் சந்திக்கும் இடமெல்லாம் ஒரே பேச்சுத்தான். "எந்த ஸ்கூல் பார்க்கிறீங்க?" என்று கேட்கிறார்கள். பல வீடுகளில் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: இலவசமானதா, காசு கட்டுவதா?

நான் அரச பாடசாலை ஆசிரியை. கணவர் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தர். தோட்டம் கொடுத்த குவாட்டர்ஸில் குடியிருக்கிறோம். மாமியார் எங்களோடு இருக்கிறார். மகளுக்கு அடுத்து இரண்டு வயதில் மகன். சொந்த வீடு இல்லை. இந்த விவரங்களைப் பீற்றிக்கொள்ளவோ அனுதாபம் தேடவோ சொல்லவில்லை. பாடசாலைத் தெரிவைப் பற்றி எழுதுகிறவர்கள் பிள்ளையைப் பற்றியும் பாடசாலையைப் பற்றியும் மட்டும் எழுதுகிறார்கள். எங்கள் விஷயத்தில் தீர்மானித்தவை குவாட்டர்ஸும் இரண்டாவது பிள்ளையும்.

வத்தளையில் இருக்கும் என் அக்கா தன் பிள்ளைகள் இருவரையும் சர்வதேச பாடசாலைக்கு அனுப்புகிறாள். "நீயே டீச்சர். உள்ளே என்ன நடக்கிறதென்று தெரிந்தும் பிள்ளையை அங்கேயே விடப் போகிறாயா?" என்று தொலைபேசியில் கேட்டாள். கோபம் வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. அதனால் நகரத்தில் இருக்கும் ஒரு ஆங்கிலமொழித் தனியார் பாடசாலைக்குப் போய்க் கட்டண விவரத் தாளை வாங்கி வந்தோம்.

வழுவழுப்பான தாள். முதல் பக்கத்தில் கழுத்துப்பட்டி கட்டிய குழந்தைகள். மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு எண் கொட்டை எழுத்தில் இருந்தது: தவணைக்கு 45,000 ரூபா. கணவர் மனக்கணக்கில் வல்லவர். "மாதம் பதினோராயிரத்துச் சொச்சம். சமாளிக்கலாமே" என்றார். அந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் முடிவு எடுக்கப்படுகிறது என்று நினைக்கிறேன். தாளின் அடியில் பொடி எழுத்தில் மீதி இருந்தது. அனுமதிக் கட்டணம் ஒரு இலட்சம், திருப்பித் தரப்படாது. வைப்புப் பணம் 50,000, பிள்ளை விலகும்போது வட்டியில்லாமல் வரும். புத்தகமும் சீருடையும் அவர்களிடமே வாங்க வேண்டும். அரச பாடசாலையில் பாடநூலும் சீருடைத் துணியும் அரசாங்கம் கொடுக்கிறது என்பதால் அந்தச் செலவு நம் கண்ணில் படுவதே இல்லை.

அடுத்தது வேன். தோட்டத்துப் பாதையில் வந்து பிள்ளையை ஏற்ற ஒப்புக்கொள்ளும் வேன்காரர் ஒருவர்தான் கிடைத்தார், மாதம் 9,000 கேட்டார். டிசம்பரிலும் பாதிக் காசு வேண்டுமாம். சரியாக ஒரு தாளில் எழுதினோம். மூன்று தவணைக்கு 1,35,000. வேனுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம். புத்தகம், சீருடை, சப்பாத்து 30,000. கலைவிழா, விளையாட்டுப் போட்டி, சுற்றுலா என்று இன்னொரு 15,000 அளவில். ஆக வருடத்துக்கு 2,80,000. மாதக் கணக்கில் 23,000க்கு மேல். தாள் சொன்ன பதினோராயிரம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. தனியார் பாடசாலை பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது: ஏற்கனவே அங்கே பிள்ளை படிக்கும் ஒரு வீட்டில், கடந்த வருடம் மொத்தமாக என்ன கட்டினீர்கள் என்று கேளுங்கள். அவர்களுக்கே பதில் தெரிந்திருக்காது. உட்கார்ந்து கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்படி ஒரு வீட்டிலிருந்து பழைய ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முன் அதே தரத்துக்குத் தவணைக் கட்டணம் 36,000. இப்போது 45,000. வருடத்துக்குச் சராசரியாக எட்டு வீத உயர்வு. இதைக் கட்டுப்படுத்த யாரும் இல்லை. இங்கே சர்வதேச பாடசாலை என்ற பெயரில் நடப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவான வணிக நிறுவனங்கள். கட்டணத்தை இவ்வளவுதான் ஏற்றலாம் என்று கல்வி அமைச்சு அவற்றுக்கு வரம்பு போடுவதில்லை. மேல் வகுப்பில் இலண்டன் பரீட்சை எழுதவைக்கும் பாடசாலை என்றால் பரீட்சைக் கட்டணம் பவுணில் இருக்கும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது அந்த வீடுகளில் என்ன நடந்தது என்று அக்காவிடமே கேட்கலாம். அவள் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகை எல்லாம் வங்கிக்குப் போன வருடம் அது.

எட்டு வீதம் என்பது கேட்கச் சிறிய எண். பத்து வருடத்தில் அது கட்டணத்தை இரு மடங்குக்கும் சற்று மேலாக்கும். தரம் 1இல் 2,80,000 கட்டும் நாம், அவள் தரம் 11இல் சாதாரண தரம் எழுதும் வருடத்தில் ஆறு இலட்சம் கட்டுவோம். பதினொரு வருடத்தையும் கூட்டினால் 46 இலட்சத்துக்கு மேல். மகன் மூன்று வருடம் கழித்துச் சேருவான். அவன் உயர்ந்த விலையில் தொடங்குவதால் அவனுக்கு 58 இலட்சத்துக்கு மேல். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு கோடியைத் தாண்டுகிறது, இன்னும் உயர்தரம் வரவே இல்லை. மகளைச் சேர்த்துவிட்டு மகனை வேறு இடத்துக்கு அனுப்பலாமே என்று கேட்கலாம். கேட்டுப் பாருங்கள், மாமியார் இருக்கும் வீட்டில். பெண்பிள்ளைக்கு ஒன்று, ஆண்பிள்ளைக்கு ஒன்று என்று செய்தால் இருபது வருடம் கழித்து அதைச் சொல்லிக்காட்டப் போவது பிள்ளைகள்தான்.

இனி வீட்டு வரவு செலவு. இருவர் கையிலும் கிடைப்பது சேர்த்து மாதம் 1,63,000. சாப்பாடு, மின்சாரம், காஸ், பஸ், மாமியாரின் மருந்து, ஊரில் என் அம்மாவுக்கு அனுப்புவது, உடுப்பு, தீபாவளி, கோயில் வரி எல்லாம் 1,10,000. நான் எடுத்த இடர் கடனுக்கு 11,000 சம்பளத்தில் கழிகிறது, இன்னும் இரண்டு வருடத்தில் முடியும். மிஞ்சுவது 42,000. அதில் 25,000 வீட்டுக்காக ஒதுக்குகிறோம். மீதி 17,000க்குப் பெயர் இல்லை. கல்யாணம், சாவு, காய்ச்சல், தண்ணீர்க் குழாய் வெடிப்பு என்று அது எங்காவது போகும்.

வீட்டுக்காக ஒதுக்கும் 25,000 பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது. குவாட்டர்ஸ் என்பது வேலையோடு வரும் கூரை. முன்னால் பூந்தோட்டம், பின்னால் கோழிக்கூடு, மரக்கறிப் பாத்தி எல்லாம் இருக்கும். இருபது வருடம் இருந்தால் சொந்த வீடு போலவே தோன்றும். ஓய்வு பெறும்போது சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். கணவருக்கு இப்போது 41, ஓய்வு வயது 60. பத்தொன்பது வருடத்துக்குள் கொட்டகலைப் பக்கமோ வேறெங்கோ பத்து பேர்ச் காணியும் அதில் ஒரு வீடும் வேண்டும். எனக்கு ஓய்வூதியம் உண்டு. அவருக்கு ஊழியர் சேமலாப நிதி மட்டும்தான்: அவர் சம்பளத்தில் 8 வீதம், கம்பனி 12 வீதம். பத்து வருடம் பங்களிப்பு இருந்து கணக்கில் மூன்று இலட்சம் சேர்ந்திருந்தால் அதில் 30 வீதத்தை வீட்டுத் தேவைக்கோ வைத்தியத் தேவைக்கோ முன்கூட்டியே எடுக்கலாம். வீட்டைக் காட்டி எடுத்த அந்தப் பணம் மூன்று தவணைக் கட்டணமாக மாறியதை அவருடைய சக உத்தியோகத்தர் ஒருவர் வீட்டில் பார்த்திருக்கிறோம். அவர் ஓய்வு பெற்று இப்போது மகனின் வாடகை வீட்டில் முன்னறையில் படுக்கிறார். பிள்ளை நன்றாகப் படித்தான், அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமில்லாதவள்.

சம்பளம் வருடம் ஐந்து வீதம் கூடும், வீட்டுச் செலவு ஆறு வீதம் கூடும் என்று வைத்துக் கணக்கை ஓட்டினோம். முதல் மூன்று வருடம் தாங்குகிறது. அதுவும் பெயரில்லாத 17,000 முழுவதும் போய், வீட்டுப் பணத்திலும் ஆறாயிரத்துக்கு மேல் கடித்துக்கொண்டுதான். நான்காம் வருடம் மகன் சேருகிறான். இடர் கடன் முடிந்து கை கொஞ்சம் நிமிர்ந்திருக்கும், மாதம் 57,000 அளவில் மிஞ்சும். இரண்டு பிள்ளைகளின் செலவு 58,000க்கு மேல். அதாவது அந்த வருடத்திலிருந்து வீட்டுக்கு ஒரு சதமும் இல்லை. மகளின் தரம் 11இல் மாதம் 68,000 மிஞ்சும், கட்ட வேண்டியது ஒரு இலட்சம். அந்த 32,000 குறை எங்கிருந்து வரும்? சீட்டு, அடகு, அக்கா.

இதே கணக்கில் மகன் இல்லையென்றால், அல்லது சொந்த வீடு இருந்தால், விடை வேறு. ஒரே பிள்ளைக்கு இந்தக் கட்டணம் கடைசி வரை இழுத்துப் பிடித்துக் கட்டக்கூடியதுதான். அதனால்தான் பக்கத்து வீட்டாரின் முடிவு நமக்கு எதையும் சொல்வதில்லை. ஒரே சம்பளம், ஒரே வேலை என்றாலும் அவர்களுக்கு தலவாக்கலையில் அப்பா எழுதிவைத்த காணி இருக்கும்.

பணத்தைவிட எனக்கு அதிகம் கவலை தந்தது திரும்பி வரும் வழி. ஐந்தாம் வருடத்தில் முடியவில்லை என்றால் அரச பாடசாலைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எளிதாகச் சொல்கிறார்கள். நான் வகுப்பறையில் நிற்பவள், அப்படி மாறி வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். தரம் 5 வரை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படித்த பிள்ளைக்கு, தரம் 6இல் தமிழில் வரலாற்றுப் புத்தகம் கையில் கொடுக்கப்படும். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைதான், ஆனால் "குடியேற்றம்" என்ற சொல்லை எழுத்துக் கூட்டி வாசிக்கும். அடுத்தது இடம் கிடைப்பது. பெயர் பெற்ற தேசிய பாடசாலைகளுக்குள் நுழைய முக்கியமான வாசல் தரம் 1, பிறகு ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வழியாகத் தரம் 6. அந்தப் பரீட்சை தமிழிலும் சிங்களத்திலும்தான் நடக்கிறது, சர்வதேச பாடசாலைப் பிள்ளைகளுக்கு அது இல்லை. ஆகவே காசு தீர்ந்து திரும்பும் பிள்ளை, முதலில் கிடைத்திருக்கக்கூடிய பாடசாலைக்கே திரும்ப முடியாது. மறுதிசையில் கதவு எப்போதும் திறந்திருக்கும்: கட்டணம் கட்ட ஆள் வந்தால் தனியார் பாடசாலை தரம் 4இலும் சேர்க்கும், தரம் 7இலும் சேர்க்கும்.

அரச பக்கமும் எல்லோருக்கும் திறந்த கதவு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தரம் 1 இடங்களில் பாதி, அருகில் வசிப்பவர்களுக்கு. அதற்கான புள்ளியில் தேருநர் இடாப்பும் வீட்டு உறுதியும் பெரிய பங்கு. குவாட்டர்ஸ்காரரிடம் உறுதி ஏது? விண்ணப்பிக்கும் பாடசாலையைவிட வீட்டுக்கு அருகில் வேறு பாடசாலைகள் இருந்தால் அதற்கும் புள்ளி குறையும். ஆக நகரத்தின் முதல் தெரிவுப் பாடசாலை எங்களுக்குக் கிடைக்காது என்று தெரிந்தே விண்ணப்பித்தோம். இரண்டாம், மூன்றாம் தெரிவை நன்றாகப் பார்த்து வைத்தோம். பல தனியார் பாடசாலைகள் அரச பெயர்ப்பட்டியல் வருவதற்கு முன்பே அனுமதிக் கட்டணத்தைக் கேட்பதையும் கவனிக்க வேண்டும். பயத்தில் ஒரு இலட்சம் கட்டியவர்கள், பிறகு நல்ல அரச பாடசாலை கிடைத்தாலும் "கட்டிய காசு போகிறதே" என்று அங்கேயே விடுகிறார்கள்.

பார்ப்பது என்றால் கட்டடத்தைப் பார்ப்பது அல்ல. இரண்டு பக்கமும் தரம் 3 பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிகளைக் கேட்டு வாங்கிப் புரட்டினேன். தனியார் பாடசாலைக் கொப்பியில் ஒட்டிய அச்சுத்தாள்கள், கோடிட்ட இடம் நிரப்புதல், ஒவ்வொன்றின் மேலும் நட்சத்திர முத்திரை. "என் வீடு" என்ற கட்டுரை, பிழையே இல்லாத ஆங்கிலத்தில் ஆறு வரி. அடுத்த பிள்ளையின் கொப்பியிலும் அதே ஆறு வரி, அதே மாமரம். ஹட்டன் குளிரில் மாமரம் காய்ப்பதை நான் பார்த்ததில்லை. அரச பாடசாலைக் கொப்பியில் எழுத்து கோணல், சிவப்பு மை நிறைய, ஆனால் வாக்கியம் பிள்ளையுடையது: "எங்கள் வீட்டுக்குப் பின்னால் அட்டை இருக்கும்". அதே கொப்பியில் ஆங்கிலப் பாடம் மார்ச் மாதத்தோடு நின்று ஜூனில் மீண்டும் தொடங்குகிறது. ஆசிரியை மாற்றலாகிப் போய், பதிலுக்கு ஆள் வரவில்லை. தோட்டப்புறப் பாடசாலைகளில் இது நடக்கும், மூடி மறைப்பதில் பயனில்லை. தனியார் பக்கமும் ஆசிரியர்கள் நிற்பதில்லை. சம்பளம் குறைவு, அரச நியமனக் கடிதம் வந்த மறுநாள் போய்விடுவார்கள். அங்கே தரம் 1 வகுப்பாசிரியை எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேட்டேன். அலுவலகத்துப் பெண் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

ஆங்கிலம் தனியார் பாடசாலையின் உண்மையான பலம். அந்தப் பிள்ளைகள் பேசக் கூசுவதில்லை, பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்தில்தான் என்பதால் அது சிறிய விஷயமும் அல்ல. ஆனால் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் தரம் 1 அல்ல, உயர்தரம். தமிழ்மொழியில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் முழுமையாகக் கற்பிக்க ஆசிரியர் உள்ள பாடசாலைகள் மலையகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. விஞ்ஞானம் படிக்க விரும்பும் பிள்ளை ஹட்டனிலோ கண்டியிலோ போர்டிங்கில் தங்கி டியூஷனுக்கு அலைகிறது. இன்றைய விலையில் மாதம் 45,000 என்றால் இரண்டரை வருடத்துக்குப் பதின்மூன்றரை இலட்சம். பதினொரு வருடம் தனியார் கட்டணம் கட்டி ஓய்ந்த பெற்றோர் அந்த இடத்தில் வெறுங்கையோடு நிற்கிறார்கள்.

வெளிமாவட்டத்துக்கு அனுப்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. அரச பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. பிள்ளையின் மாவட்டம் எது என்பதை, உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடம் எங்கே படித்தது என்பதைப் பார்த்தே தீர்மானிக்கிறார்கள். கண்டிக்கு மாற்றும் முன் இதை யோசிக்க வேண்டும். இலண்டன் உயர்தரம் எழுதினால் இந்த இசட் புள்ளி வழியே இல்லை, தனியார் பட்டமோ வெளிநாடோதான். அக்காவின் திட்டம் அதுதான், அவள் கணவர் கட்டாரில் இருப்பதால் அவர்களுக்கு அது பொருந்துகிறது.

எங்கள் முடிவு அரச பாடசாலை. இலவசம் என்றாலும் பஸ், வசதிக் கட்டணம், பாடசாலை அபிவிருத்திச் சங்கச் சந்தா, தரம் 3இலிருந்து கணித வகுப்பு எல்லாம் சேர்த்து மாதம் 6,000 வரும். ஆங்கிலத்துக்கு 3,000 தனியாக வைத்தோம். பேச்சுப் பயிற்சிக்கு நகரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார், ஐந்தாறு பிள்ளைகளுக்கு மேல் எடுக்கமாட்டார். உயர்தரத்துக்கென்று மகள் பெயரில் மாதம் 5,000. வட்டியும் விலைவாசியும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்று வைத்தாலும் பதினொரு வருடத்தில் 6,60,000. தேவையில் பாதி அளவு. இடர் கடன் முடிந்ததும் அந்த 11,000 மகனின் பாடசாலைச் செலவுக்கும் அவனுடைய உயர்தரக் கணக்குக்கும் போகும். வீட்டுப் பணத்தில் கை வைப்பதில்லை. பெயரில்லாத பணம் மூவாயிரமாகச் சுருங்கிவிட்டது. ஒரு சாவு வீடு வந்தால் அந்த மாதம் ஆடிப்போவோம்.

மாமியாருக்கு முழுத் திருப்தி இல்லை. "டை கட்டிக்கொண்டு போவாள் என்று நினைத்தேன்" என்றார்.

தரம் 6இல் மீண்டும் கணக்கை எடுக்கப் போகிறோம். சில அரச பாடசாலைகளில் அந்த வகுப்பிலிருந்து இருமொழிக் கல்வி உண்டு, ஆங்கிலத்தில் சில பாடங்களைப் படிக்கலாம். எங்களுக்குக் கிடைக்கும் பாடசாலையில் அப்போது அதற்கு ஆசிரியர் இருப்பாரா என்பதைப் பொறுத்தது. இல்லையென்றால் அந்த வயதில் தனியார் பாடசாலைக்கு மாற்றினால் ஆறு வருடக் கட்டணம்தான், பதினொரு வருடம் அல்ல. அதற்குள் காணி உறுதி எங்கள் பெயரில் இருந்தால் அதைப் பற்றிப் பேசலாம் என்று கணவர் சொல்லியிருக்கிறார். கொட்டகலையில் ஒரு காணி பார்த்து வைத்திருக்கிறோம், பாதைக்கு மேலே சரிவில். மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வராமல் முற்பணம் கொடுக்கப் போவதில்லை.